அளக்காமல் எழுதிய கதவு

பெயிண்ட் பூசிய இரும்பைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பளபளவென்று வெள்ளையாக ஒரு பேனல் கதவு என் முன்னால் நின்றால், மற்றவர்கள் அழகு என்பார்கள். எனக்கு மட்டும் காது சூடாகிவிடும். ஏன் என்று கேட்டால் ஒரு வரியில் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். எனக்கே பொறுமை குறைவு, இருந்தாலும் சொல்கிறேன்.

சிம்பாங் ரெங்கம் என்கிற எங்கள் ஊரில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் வரிசையாகப் பட்டறைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் மின்சாரப் பேனல் கட்டுகிறோம். ஆலைகளில் மோட்டாரை ஓடவிட, நிறுத்த, வேகத்தைக் கூட்டக் குறைக்க, ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி நிற்குமே, அதுதான் பேனல். வயர் போடுவதும் திருகு முடுக்குவதும் வேறு ஆட்கள். கடைசியில் அதைச் சோதித்து, தாளில் எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைக் கதவின் உள்பக்கப் பையில் செருகுவது என் வேலை. பேனல் எங்கே போகிறதோ அங்கே என் கையெழுத்தும் போகும். அதில் எனக்கு ஒரு காலத்தில் கர்வமே உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் பேனல் ஒரே பெட்டி. உண்மையில் கதவு தனி இரும்பு, உள்ளே பொருள்களைப் பூட்டுகிற பிளேட் தனி இரும்பு, பக்கத் தகடு தனி, அடியில் கேபிள் நுழைகிற தகடு தனி. எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துவிட்டால், சொத்துப் பிரித்த அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் குடியிருப்பது மாதிரிதான். ஒட்டிக்கொண்டு நிற்பார்கள், பேச்சுவார்த்தை இருக்காது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது, கீலுக்குள் இருக்கும் நைலான் வளையமும் கடத்தாது. அதனால் ஒவ்வோர் இரும்பிலிருந்தும் பச்சை மஞ்சள் வயர் ஒன்றை எடுத்து, பெட்டிக்குள் இருக்கும் செம்பு எர்த் பட்டையில் முடுக்க வேண்டும். கதவில் பட்டனும் விளக்கும் இருந்தால் கேட்கவே வேண்டாம், கதவு வரைக்கும் 240 வோல்ட் வருகிறது. அதில் ஒரு வயர் தோலுரிந்து கதவில் பட்டால், அந்தப் பச்சை மஞ்சள் வயர் வழியாக மின்சாரம் பாய்ந்தோடி, பிரேக்கரை அந்த நொடியே விழவைக்கும். வயர் சரியாகப் பிடிக்கவில்லையென்றால் பிரேக்கர் விழாது. கதவு சத்தம் போடாமல் உயிரோடு நிற்கும், முதலில் தொடுகிற ஆளுக்காக.

வயர் சரியாகப் பிடிப்பது என்றால் என்ன? கதவின் உள்பக்கத்தில் சின்னதாக ஓர் இரும்பு முளை பற்ற வைத்திருப்பார்கள், ஸ்டட் என்போம். அதன் அடியில் இருக்கும் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிய வேண்டும். வயரின் நுனியில் இருக்கும் வளையத்தை அதில் உட்காரவைத்து, பல் வைத்த வாஷரைப் போட்டு முடுக்க வேண்டும். அதற்குப் பிறகு துரு பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவலாம், தொட்டுப் பெயிண்டும் பூசலாம். ஒரு கதவுக்குச் சில நிமிஷம் ஆகும். ராக்கெட் விடுகிற வேலை கிடையாது.

எங்கள் தவுக்கேவுக்குத்தான் அது ராக்கெட் ஆகிவிட்டது. முதலாளியை இங்கே தவுக்கே என்போம். ஒரு வாடிக்கையாளர் எப்போதோ ஒரு படம் அனுப்பியிருந்தார், ஸ்டட்டைச் சுற்றி வட்டமாகத் துரு. சுரண்டியவன் கிரீஸ் தடவாமல் விட்ட தப்பு அது. தவுக்கே அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். கிரீஸ் தடவச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது, ஜாங்ஙான் கிக்கிஸ். சுரண்டாதே. இனிமேல் எவனும் பெயிண்டில் கை வைக்கக்கூடாது, பேனல் சந்திக் (அழகாக) இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, முன்பு துத்தநாகம் பூசி வெறும் உலோகமாக வந்துகொண்டிருந்த உள் பிளேட்டையும் வெள்ளை பவுடர் பெயிண்டுக்கு மாற்றினார். அழகுக்காகத்தான்.

நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. பெயிண்டின் மேல் வளையத்தை வைத்து முடுக்கினால் எர்த் எப்படிக் கிடைக்கும் என்று மலாயில் கேட்டேன். நட்டு முடுக்கும்போதே நூலில் இருக்கும் பெயிண்ட் உரிந்துவிடும், இத்தனை வருஷத்தில் எவன் செத்தான் என்று திருப்பிக் கேட்டார். அன்றைக்கு என் காது சூடானது. ஆனால் வாயை மூடிக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் ஆத்திரம் வருகிற இடங்களில் இதுவும் ஒன்று.

இனி எங்கள் பட்டறையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு ‘சாமா’ என்று பெயர். மலாயில் ஒரே மாதிரி என்று அர்த்தம். ஒரே வடிவத்தில் ஆறு பேனல் செய்தால், முதல் பேனலை மட்டும் வாடிக்கையாளர் வந்து நின்று பார்ப்பார். அதற்கு மட்டும் யாரோ பயந்துபோய்த் திருட்டுத்தனமாக ஸ்டட்டைச் சுரண்டிவைப்பார்கள். நான் பெரிய மீட்டரை எடுத்து, ஒரு கவ்வியை எர்த் பட்டையிலும் இன்னொன்றைக் கதவிலும் மாட்டி, பத்து ஆம்பியர் செலுத்தி அளப்பேன். மின்தடை 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். 0.02 காட்டும். வாடிக்கையாளர் தலையாட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவார். மற்ற ஐந்தும் சாமா. அதாவது, அளக்காமல் எழுதுவது.

அப்படி எழுதுவதிலும் ஒரு கைப்பழக்கம் இருந்தது. எல்லாத் தாளிலும் 0.02 என்று போட்டால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும். அதனால் ஒன்றில் 0.02, அடுத்ததில் 0.03, ஒன்றில் மறுபடியும் 0.02. பத்து பகாட் என்கிற ஊரில் துணிக்குச் சாயம் போடுகிற ஓர் ஆலைக்கு ஆறு பேனல் போன அன்று, வாசலில் லாரி உறுமிக்கொண்டிருக்க, நான் நின்றுகொண்டே ஐந்து தாள் எழுதினேன். நான்காம் பேனலுக்கு 0.03 போட்டேன். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுதிவிட்டு, இயல்பாக இருக்கிறது என்று திருப்தியும் பட்டேன். கதவுகளை வயர் போடுகிற ஆட்கள் சுரண்டவில்லை என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியும்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒருநாள் மதியம், பட்டறைக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் ஆண் குரல், தமிழ். அந்தச் சாய ஆலையின் சார்ஜ்மேன் என்றார். ஆலையின் மின்சாரத்துக்குப் பொறுப்பு ஏற்கிற, லைசென்ஸ் வாங்கிய ஆளை அப்படிச் சொல்வோம். என் பெயரும் பட்டறையின் எண்ணும் தாளில் இருந்தன, பட்டறையில் கேட்டு என் கைப்பேசி எண்ணை வாங்கியிருக்கிறார்.

நடந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். நான்காம் மெஷினின் பேனலில் ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று ஆப்பரேட்டர் கூப்பிட்டிருக்கிறார். இவர் போய், எட்டிப் பார்ப்பதற்காக இடது கையை மெஷின் உடம்பில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் பேனல் கதவின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். மெஷினுக்கு எர்த் இருந்தது, கதவுக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் இவர். ஒரு கையிலிருந்து மறு கைக்கு, நெஞ்சு வழியாக. கால் வழுக்கியதுதான் அவரைக் காப்பாற்றியது. ஈரத் தரையில் சறுக்கி, கை பிடி விட்டு, பின்னால் விழுந்ததில் காறை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளங்கையில் தீய்ந்த காயம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

பிறகுதான் கேள்வியைக் கேட்டார்.

"தங்கச்சி, நாலாம் நம்பர் தாளுல கதவுக்கு 0.03 போட்டிருக்கீங்க. நெசமாவே அளந்தீங்களா?"

என் தட்டில் சோறு பாதி இருந்தது. நான் யோசிக்கக்கூட இல்லை. "அளந்தேன்ணே," என்றேன்.

"சரிம்மா," என்று வைத்துவிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் திருப்பிக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த இரண்டு மூன்று நாள் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். லாரிக்காரர் மேல், பெயிண்ட் கடைக்காரர் மேல், சிக்னலில் முன்னால் நின்ற கார் மேல். அந்த ஆள் என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று அவர் மேலும்கூடக் கோபப்பட்டேன். தப்புச் செய்தவளுக்குக் கோபம் எவ்வளவு நல்ல போர்வை என்று அப்போது தெரிந்துகொண்டேன். இழுத்துப் போர்த்திக்கொண்டால் உள்ளே ஒன்றும் தெரியாது.

பிறகு தவுக்கே என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆலையில் விசாரணை, நாளைக் காலை இருவரும் போக வேண்டும் என்றார். அவர் முகத்தில் கவலையே இல்லை. விஷயம் நம் பக்கம்தான் என்றார். நம் தாளில் 0.03 இருக்கிறது, பட்டறையிலிருந்து போகும்போது கதவு நன்றாக இருந்தது என்று ஆகிவிட்டது. அப்படியானால் அதற்குப் பிறகு யாரோ எர்த் வயரைக் கழற்றியிருக்க வேண்டும். அந்தப் பேனலைத் திறந்து மூடுகிற அதிகாரம் ஒரே ஒரு ஆளுக்குத்தான், சார்ஜ்மேனுக்கு. அவன் கழற்றிவிட்டுச் சரியாக முடுக்கவில்லை, அடிபட்டதும் வந்து முடுக்கி வைத்துவிட்டான், கதை முடிந்தது. நீ ஒன்றும் பேச வேண்டாம், தாளைக் காட்டினால் போதும், சூடா ஓகே லா என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று.

அந்தச் சார்ஜ்மேனை வேலையை விட்டு நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்றும், நாளைக்குப் பிறகு அவருடைய லைசென்ஸுக்கு எதிராக எழுதப்போகிறார்கள் என்றும் போகிறபோக்கில் சொன்னார். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆள் என்னிடம் கேட்டது கேள்வியே இல்லை. அவருடைய பிழைப்பு மொத்தமும் என் பேனாவின் நுனியில் தொங்கியது, நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு அதை அறுத்துவிட்டேன்.

மறுநாள் தவுக்கேயின் காரில் பத்து பகாட்டுக்குப் போனோம். வழியில் ஆயர் ஹீத்தாம் ஊர் வரை அவர் மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பெரிய மீட்டரை நான் மடியில் வைத்திருந்தேன். அதை எதற்கு என்று கேட்டார். சும்மா காட்டுவதற்கு என்றேன். கனமான மீட்டர், இறங்கும்போது தொடை மரத்துப்போயிருந்தது.

ஆலைக்குள் சூடும் சாயவாடையும் முகத்தில் அறைந்தன. தரையெல்லாம் ஈரம், காலுக்கடியில் நீலமாக ஓடியது. ஆறு மெஷினும் ஆறு பேனலும் வரிசையாக நின்றன. நான்காவது மட்டும் ஓடவில்லை, சிவப்பு நாடா கட்டியிருந்தது. ஆலை மேனேஜர் காத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், எஞ்சினியர், இஸ்திரி கலையாத சட்டை. அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, கையைக் கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். அவர்தான் சார்ஜ்மேன் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மேனேஜர் முதலில் கதவைத் திறந்து காட்டினார். பிளேட்டிலிருந்து கதவுக்கு வருகிற வயர்க் கட்டு, கீல் பக்கத்தில் கதவின் மடித்த விளிம்பில் உரசி உரசி, ஒரு வயரின் தோலைத் தேய்த்துவிட்டிருந்தது. விளிம்பிலும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு மினுங்கியது. செம்பு அங்கே பட்டிருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை என்றார். எர்த் இருந்திருந்தால் பிரேக்கர் விழுந்திருக்கும், விழவில்லை. அதனால் அன்றைக்கு எர்த் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கேள்வி என்றார். நேர்மையாகத்தான் பேசினார், குற்றம் சொல்ல முடியாது. அவர் கையில் என் தாள் இருந்தது.

தவுக்கே இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, பையிலிருந்து சின்ன மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு முனையை எர்த் பட்டையில் வைத்தார். இன்னொரு முனையைக் கதவின் ஸ்டட்டில் முடுக்கியிருந்த வளையத்தில் வைத்தார். பீப் என்று சத்தம் வந்தது. கேட்டீர்களா, எர்த் இருக்கிறது என்றார். இப்போது இருக்கிறது என்றால், எங்கள் பட்டறையிலிருந்து வரும்போதும் இருந்திருக்கிறது. நடுவில் கழற்றியவன் யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் சார்ஜ்மேனைப் பார்த்தார். சார்ஜ்மேன் அந்த நட்டை நான் தொட்டதே இல்லை என்றார். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ சொல்கிறவர் மாதிரி, உயிரில்லாமல் சொன்னார்.

எனக்குக் காது மட்டும் அல்ல, கழுத்து, முகம், உச்சந்தலை எல்லாம் எரிந்தது. தவுக்கே செய்தது என்ன? வயரின் ஒரு நுனியில் ஒரு முனை, அதே வயரின் மறு நுனியில் இன்னொரு முனை. வயர் அறுந்துபோகவில்லை என்று நிரூபித்திருக்கிறார், கெட்டிக்காரர். கதவு அந்த வயரோடு சேர்ந்திருக்கிறதா என்று எவனும் பார்க்கவில்லை. முப்பது வருஷமாகப் பேனல் கட்டுகிற மனிதருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் அந்த இடத்தில் முனையை வைத்தார்.

நான் அவர் கையிலிருந்து அந்த முனையைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான வார்த்தை. வளையத்திலிருந்து எடுத்து, கதவின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் திருகின் தலையில் வைத்தேன். அந்தத் திருகு பெயிண்டைக் கடித்து இரும்பில் இறங்கியிருந்தது. அந்த மனிதரின் உள்ளங்கை பட்ட இடம் அதுதான். பீப் வரவில்லை. அழுத்தினேன், வரவில்லை. கதவின் விளிம்பில் தேய்ந்து மினுங்கிய இடத்தில் வைத்தேன், வரவில்லை. மறுபடியும் வளையத்தில் வைத்தேன், பீப். இரண்டுக்கும் நடுவே சில அங்குலம்தான் தூரம்.

மேனேஜர் குனிந்து ஸ்டட்டைப் பார்த்தார். வளையத்துக்குக் கீழே வெள்ளைப் பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் பளிங்கு மாதிரி இருந்தது. நூலிலும் பெயிண்ட். இதை யாரும் கழற்றியதும் இல்லை, சுரண்டியதும் இல்லை, பெயிண்ட் உலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது. நிமிர்ந்து தாளை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"அப்ப இந்த 0.03 எங்கயிருந்து வந்துச்சு?"

தவுக்கே என்னைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது. மீட்டர் தப்பாகக் காட்டியிருக்கும் என்று சொல், வண்டியில் ஆடி வந்ததில் லூஸாகியிருக்கும் என்று சொல், எதையாவது சொல். சொல்லியிருக்கலாம், சொல்ல எனக்கும் தெரியும். சார்ஜ்மேன் என்னைப் பார்க்கவில்லை, தரையில் ஓடுகிற நீலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டவர். மறுபடியும் கேட்கிற உத்தேசம் அவருக்கு இல்லை.

"நான் அளக்கல," என்றேன். "சும்மா எழுதினேன். அண்ணன் போன்ல கேட்டப்பவும் பொய் சொன்னேன். பெயிண்ட சுரண்டக்கூடாதுன்னு எங்க பட்டறையில உத்தரவு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

தவுக்கே மலாயில் ஏதோ ஆரம்பித்தார். மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்குப் பாரம் இறங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது, அந்த அற்பத்தனம் எனக்கு இருந்தது. சார்ஜ்மேன் தலையைத் தூக்கினார். முதல் முறையாக அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன்.

"மத்த அஞ்சு?"

எங்களுக்குப் பின்னால் ஐந்து மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் எர்த் இருக்கிறதா இல்லையா என்று வழக்காடிக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம், ஆப்பரேட்டர்கள் ஈரக் கையோடு ஐந்து கதவுகளிலும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஆறாம் மெஷினில் ஒரு நேப்பாளி இளைஞர் கதவில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். அது என் கண்ணில் இவ்வளவு நேரமும் பட்டிருக்கிறது, புத்தியில் படவில்லை. என் நேர்மை அரங்கேறுவதிலேயே நான் மும்முரமாக இருந்திருக்கிறேன்.

சார்ஜ்மேன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேராக ஆறாவதுக்குப் போய், அந்த இளைஞரைத் தள்ளி நிற்கச் சொல்லி, மெஷினை முறைப்படி நிறுத்தவைத்து, நீராவி வால்வை மூடவைத்து, பிறகு மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டார். ஒரு கையாலேயே. ஐந்தாவது, மூன்றாவது, இரண்டாவது. உள்ளே பாதிச் சாயத்தில் துணி கிடக்கிறது, மொத்தமும் திட்டுத்திட்டாகிவிடும் என்று மேனேஜர் கூடவே ஓடினார். ஆகட்டும் சார் என்றார் சார்ஜ்மேன், திரும்பிப் பார்க்காமல். மேனேஜர் அதற்குமேல் தடுக்கவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன்.

ஒன்றாம் மெஷின் முன்னால் வந்து நின்று என்னைக் கேட்டார்.

"இதயும் சும்மாதான் எழுதுனீங்களா?"

"இல்லண்ணே. இது மட்டும் அளந்தேன்."

என் முகத்தையே வெகு நேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு கதவைக்கூட நான் உற்றுப் பார்த்ததில்லை. பிறகு திரும்பி, அதையும் அணைத்துப் பூட்டினார்.

அடிபட்டது மாதிரிதான் இருந்தது. உண்மையைச் சொல்லியும் நம்பவில்லையே என்று உள்ளே ஒரு கோபம் கொதித்தது. கொதித்த வேகத்திலேயே அடங்கியும் போனது. அவர் ஏன் நம்ப வேண்டும்?

தவுக்கே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய மீட்டர் என்னோடு இருந்தது. ஆலைக்குள் சத்தம் அடங்கி, குழாய்களில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. ஒன்றாவதில் கவ்விகளை மாட்டினேன். 0.02 காட்டியது. சார்ஜ்மேன் நான் வாசிக்கக் காத்திருக்கவில்லை, தானே குனிந்து எண்ணைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அடுத்ததுக்கு நடந்தார்.

இரண்டாவது கதவில் மீட்டர் எண்ணே காட்டவில்லை. மூன்றாவதிலும் ஆறாவதிலும் இல்லை. ஐந்தாவது நூலின் ஓரத்தில் எங்கோ தொட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது, எண் நிற்காமல் ஏறி இறங்கி ஆடியது. அது வெறும் பீப் மீட்டருக்குப் போதும், மனிதனுக்குப் போதாது. உள் பிளேட்டுகளின் கதியும் அதேதான். நான்கு மூலையிலும் பெயிண்டின் மேல் பெயிண்டாக உட்கார்ந்திருந்தன. மேனேஜர் ஆலையின் ஸ்டோரிலிருந்து சுரண்டியும் பல் வாஷரும் கிரீஸும் கொண்டுவரச் சொன்னார். தரையில் முட்டி போட்டு நானே சுரண்டினேன். அவர்கள் ஆட்கள் உதவிக்கு வந்தார்கள், வேண்டாம் என்றேன். வெள்ளைத் தூள் பறந்து தலைமுடியெல்லாம் ஒட்டியது. என் பற்கள் ஒன்றோடொன்று உரசுவது எனக்கே கேட்டது. தவுக்கேயை மனசுக்குள் எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் திட்டினேன், என்னைத் தமிழில் மட்டும் திட்டினேன்.

சார்ஜ்மேன் நான்காவதைக் கடைசியாக வைத்தார். தேய்ந்த வயரை மாற்றி, கட்டுக்கு விளிம்பில் படாத வளைவு கொடுத்து, அவரே சொல்லச் சொல்ல ஆட்கள் கட்டினார்கள். நான் ஸ்டட்டைச் சுரண்டி, வாஷர் போட்டு, முடுக்கி, கவ்வியை மாட்டினேன். மீட்டரின் பட்டனை அழுத்தினேன்.

0.03.

மேனேஜர் கையிலிருந்த என் பழைய தாளைச் சார்ஜ்மேன் வாங்கி மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்தார். இயல்பாக இருக்கட்டும் என்று நான் தேர்ந்தெடுத்த அதே எண். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சுரண்டியதிலிருந்து அளந்தது வரைக்கும் ஒன்பது நிமிஷம். அன்றைக்குப் பட்டறை வாசலில் லாரி அதைவிட அதிக நேரம் நின்றிருந்தது. ஒன்பது நிமிஷத்தில் இந்த எண்ணை நான் உண்மையாகவே வாங்கியிருக்கலாம். அந்தக் கணத்தில் தவுக்கே மேல் இருந்த கோபமெல்லாம் வழி தெரிந்து என் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

சார்ஜ்மேன் எல்லாக் கதவையும் மூடி, பூட்டுகளை எடுத்து, மின்சாரத்தைப் போட்டார். நான்காம் பேனலில் விளக்கு ஆடாமல் எரிந்தது. ஆப்பரேட்டர் மெஷினை ஓட்ட வர வேண்டும், வரவில்லை. நான்கு அடி தள்ளி நின்று சார்ஜ்மேனைப் பார்த்தார். சார்ஜ்மேன் நல்ல கையைக் கைப்பிடி வரைக்கும் கொண்டுபோனார். அது அங்கேயே நின்றுவிட்டது. எண்ணைத் தன் கண்ணால் பார்த்தவர், எல்லாம் தெரிந்தவர். கைக்கு அது தெரியவில்லை.

நான் போய் நின்றேன். இடது கையை மெஷின் உடம்பில் வைத்தேன், வலது உள்ளங்கையைக் கைப்பிடியில் வைத்தேன். இது சோதனை கிடையாது, எந்த விதியிலும் இப்படி ஒரு வழி இல்லை, யாரும் செய்யக்கூடாது. அளந்தாகிவிட்டது, ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் வைத்தேன். ஆனால் கைப்பிடி சில்லென்று இருந்த அந்த நொடியில் ஒன்று தோன்றியது. அன்றைக்கு லாரி உறுமிக்கொண்டிருந்தபோது, தாளை எழுதிவிட்டு, இதே கையை இப்படி வைக்கச் சொல்லியிருந்தால் வைத்திருப்பேனா? மாட்டேன். சத்தியமாக மாட்டேன். சுரண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று கத்தியிருப்பேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"போதும்மா, கைய எடுங்க," என்றார் சார்ஜ்மேன். "பேனாவ எடுங்க. தாள் எழுதணும்."